SUBTOTAL சார்பு
SUBTOTAL (சப்டோட்டல்) என்பது எக்செல், லிபர்ஆபிஸ் கால்க் முதலிய விரிதாள் செயலிகளில் உள்ள ஒரு கணிப்புச் சார்பு ஆகும். வடிகட்டிய பின் திரையில் எஞ்சியிருக்கும் வரிசைகளை மட்டும் கூட்டுவதற்கு இது பயன்படுகிறது. வழக்கமான SUM சார்பு வடிகட்டியைக் கவனிப்பதில்லை. மறைந்த வரிசைகளையும் சேர்த்தே கூட்டும்.

எடுத்துக்காட்டாக, கண்ணமங்கலத்தில் சவ்வாது மலை விளைபொருள்களை வாங்கும் ஒரு கடையின் கொள்முதல் ஏட்டைக் கொள்வோம். B நெடுவரிசையில் பொருளும், C நெடுவரிசையில் எடையும் (கிலோ) 2 முதல் 7 வரையான வரிசைகளில் முறையே இவ்வாறு உள்ளன: சாமை 120, புளி 80, சாமை 95, தேன் 15, சாமை 60, புளி 45. சாமையை மட்டும் வடிகட்டினால் மூன்று வரிசைகள் தெரியும்.

```
=SUM(C2:C7)
=SUBTOTAL(9,C2:C7)
```

முதல் வாய்பாடு 415 என்றும், இரண்டாவது 275 என்றும் காட்டும். முதல் விடையைச் சாமையின் எடை எனக் கொண்டு பணம் வழங்கினால் 140 கிலோவிற்கு மிகையாக வழங்க நேரிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால் இத்தவறு எளிதில் புலப்படாது. வடிகட்டியை மாற்றியும் கூட்டுத்தொகை மாறாதிருப்பதே இதற்கான அறிகுறி.

வாய்பாட்டிலுள்ள 9 என்னும் எண் கூட்டலைக் குறிக்கும். வடிகட்டியின்றிக் கையால் மறைத்த வரிசைகளை இது விலக்காது. அவற்றையும் விலக்க 109 என இடவேண்டும். வடிகட்டியை நீக்கிவிட்டு 4ஆம் வரிசையைக் கையால் மறைத்தால், 9 இட்ட வாய்பாடு 415 என்றே காட்டும். 109 இட்டது 320 எனக் காட்டும். மறைக்கப்பட்ட நெடுவரிசைகளுக்கு இவ்விதி பொருந்தாது. கூட்டுத்தொகை வரிசையும் வடிகட்டியில் சிக்காதிருக்க, அதனைத் தரவுக்குக் கீழே ஒரு வெற்று வரிசை விட்டு எழுதுவது நன்று.

தெரியும் வரிசைகளில் ஒரு பிழை மதிப்பு இருந்தாலும், கூட்டும்போது SUBTOTAL பிழையையே விடையாகத் தரும். D நெடுவரிசையில் தொகை கணிக்கப்படுகிறது எனவும், 7ஆம் வரிசைப் புளிக்கு விலை கிடைக்காமல் D7 கலத்தில் `#N/A` உள்ளது எனவும் கொள்வோம். எக்செல் 2010இல் அறிமுகமான AGGREGATE சார்பு இதனைத் தாண்டிச் செல்லும்.

```
=AGGREGATE(9,7,D2:D7)
```

இங்கு 7 என்பது மறைந்த வரிசைகளையும் பிழைகளையும் விலக்குக என்பதாகும். ஆனால் புளியை வடிகட்டும்போது 80 கிலோவின் தொகை மட்டுமே கிடைக்கும். 45 கிலோ தந்தவரின் பணம் ஓசையின்றி விடுபட்டுவிடும். ஆகவே பின்வரும் இரண்டையும் ஒப்பிடுதல் வேண்டும்.

```
=SUBTOTAL(103,B2:B7)
=SUBTOTAL(102,D2:D7)
```

முதலாவது, தெரியும் வரிசைகளில் பொருளின் பெயர் உள்ளவற்றை எண்ணி 2 எனத் தரும். இரண்டாவது எண் மதிப்புள்ள கலங்களை மட்டும் எண்ணுவதால் 1 எனத் தரும். இவை வேறுபட்டால் விலை இல்லாத வரிசையைத் தேடிச் சரிசெய்த பின்னரே கூட்டுத்தொகையைப் பயன்படுத்த வேண்டும்.