ஐங்கோணம் ஏன் தளம் பாவுவதில்லை: பாப்பஸ் முதல் கெப்ளர் வரை

கெட்டி அட்டையில் ஒரே அளவுள்ள ஒழுங்கு ஐங்கோணங்கள் நான்கை வெட்டி, அவற்றில் மூன்றை ஒரு புள்ளியில் மூலை சேரும்படி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூலையும் 108 பாகை. மூன்றும் சேர்ந்து 324. மீதி 36 பாகைக்கு ஒடுங்கிய சந்து ஒன்று நிற்கும். நான்காவது ஐங்கோணம் அதில் நுழையாது. இந்தச் சந்து பின்னாளில் கெப்ளரின் கையில் என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரே வகை ஒழுங்குப் பலகோணத்தால் இடைவெளியின்றித் தளம் பாவ வேண்டுமென்றால், அதன் உட்கோணம் 360-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். முக்கோணம் ஆறு, சதுரம் நான்கு, அறுகோணம் மூன்று கூடினால் புள்ளி நிரம்பிவிடும். அறுகோணத்துக்கு மேல் போனால் உட்கோணம் 120-ஐத் தாண்டுவதால் மூன்றுகூடக் கொள்ளாது. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பாப்பஸ் தேனடையைப் பற்றி எழுதும்போது இந்த மூன்றைத்தான் குறிப்பிட்டார். அடுத்த நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ், இதைப் பித்தாகரஸ் வழியினரின் கண்டுபிடிப்பு என்றார்.

பல வகைப் பலகோணங்களைக் கலக்கலாம் என்றால் கணக்கு மாறுகிறது. n பக்கமுள்ள பலகோணத்தின் உட்கோணம் 180 − 360/n பாகை. ஒரு புள்ளியில் மூன்று பலகோணங்கள் கூடினால் கிடைக்கும் நிபந்தனை இது:

1/a + 1/b + 1/c = 1/2

கோணக் கணக்கு இப்படிப் பின்னக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. முக்கோணத்தையும் எழுகோணத்தையும் சேர்த்தால் 1/2-இல் மிஞ்சுவது 1/42. ஆகவே மூன்றாவது உருவத்துக்கு 42 பக்கம் இருந்தாக வேண்டும். இப்படி மூன்றாகக் கூடும் வழிகள் மொத்தம் பத்து. நான்கு, ஐந்து, ஆறு பலகோணங்கள் கூடும் வழிகளையும் சேர்த்தால் 17. சுற்றி வரும் வரிசை மாறுவதையும் தனித்தனியே எண்ணினால் 21.

புள்ளி நிரம்பினால் தளமும் நிரம்பிவிடும் என்று தோன்றலாம். இங்கேதான் பிசகுகிறது. இரண்டு ஐங்கோணங்களும் ஒரு பத்துக்கோணமும் கூடினால் 108 + 108 + 144 = 360; ஒரு பாகைகூடப் பிசிறில்லை. இப்போது அந்த ஐங்கோணங்களில் ஒன்றின் விளிம்பை மட்டும் பின்தொடர்வோம். இந்த மூலையில் அதன் ஒரு பக்கம் இன்னொரு ஐங்கோணத்தை ஒட்டுகிறது. மற்றப் பக்கம் பத்துக்கோணத்தை ஒட்டுகிறது. அடுத்த மூலையிலும் அதே மூவர்தான் கூட வேண்டும் என்பதால், அங்கே வரும் பக்கம் மீண்டும் ஐங்கோணத்தை ஒட்டியாக வேண்டும். ஆக, பக்கத்துக்குப் பக்கம் அண்டை மாறி மாறி வருகிறது. பக்கங்களோ ஐந்து. முதலில் ஐங்கோணத்தை அண்டையாக வைத்துத் தொடங்கினால் ஐந்தாம் பக்கத்துக்கும் ஐங்கோணமே அண்டை. கடைசி மூலையில் மூன்று ஐங்கோணங்கள் வந்து நிற்க, அதே 36 பாகைச் சந்து திறந்துகொள்கிறது.

முக்கோணம், எழுகோணம், 42 கோணம் சேரும் கூட்டும் இதே காரணத்தால்தான் உடைகிறது: முக்கோணத்தின் மூன்று பக்கங்களில் இரண்டு அண்டைகள் மாறி மாறி வர வழியில்லை. முக்கோணமும் இரண்டு பன்னிருகோணங்களும் சேரும் கூட்டு பிழைப்பது, முக்கோணத்தின் எல்லாப் பக்கத்துக்கும் அண்டை ஒன்றே என்பதால். இந்தச் சோதனையில் ஆறு கூட்டுகள் முற்றாக விழுந்துவிடும். வேறு நான்கு, மற்றக் கூட்டுகளோடு கலந்தால் மட்டுமே தளத்தில் இடம்பெறும். எல்லா மூலையும் ஒரே மாதிரி அமையும் தளங்கள் 11 என்று கணக்கு நிற்கிறது. ஒரே வகைப் பலகோணத்தாலான மூன்றும் இதில் அடக்கம்.

இந்தப் பதினொன்றையும் கெப்ளர் 1619-இல் வெளியான ‘ஹார்மோனிசெஸ் முண்டி’ நூலின் இரண்டாம் பகுதியில் படத்தோடு தந்திருந்தார். அந்த நூலின் கோள் விதியைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது, தளங்களைக் கண்டுகொள்ளவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், 1905-இல் சாமர்வில்லின் கட்டுரையிலும் அவை புதிதாக மறுபடி கண்டெடுக்கப்பட்டன. கெப்ளருக்கு உரிய இடத்தை அழுத்திச் சொன்னவர்கள் கிரூன்பாமும் ஷெப்பர்டும். அவர்களின் விரிவான நூல் வந்தது 1987-இல்.

ஆனால் ஐங்கோணத்தைக் கெப்ளர் கைவிட்டுவிடவில்லை. ஐமுனை நட்சத்திரத்தின் முனைக்கோணம் சரியாக 36 பாகை என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். மூன்று ஐங்கோணங்கள் விட்ட சந்தில் நட்சத்திரத்தின் ஒரு முனை அளவெடுத்தாற்போல் உட்காரும். நட்சத்திரத்தையும் பத்துக்கோணத்தையும் துணைக்குச் சேர்த்து, Aa என்று குறியிட்ட படத்தில் அவர் ஐங்கோணங்களைப் பரப்பிக்கொண்டே போனார். போகப் போக இரண்டு பத்துக்கோணங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்ட உருவங்களுக்கும் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒழுங்குப் பலகோணம் என்று எந்த வகையிலும் சொல்ல முடியாத அவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘பூதங்கள்’.