கர்பா மேடை: நடுவில் இருந்த விளக்கு எங்கே போச்சு?

கர்பா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பெரிய மைதானம், தலைக்கு மேலே கலர் கலராத் துணி, நாலு பக்கமும் கண்ணைக் கூச வைக்கிற லைட். ஆனால் 'கர்பா' என்ற பேர் முதலில் ஆட்டத்தோட பேர் இல்லை. அது ஒரு பானையின் பேர். குஜராத்தியில் 'கர்போ' என்றால் சுற்றிலும் ஓட்டை போட்ட மண்பானை. அதுக்குள்ளே ஒரு அகல் எரியும். கர்ப்பத்துக்குள் இருக்கிற உயிர் மாதிரி, பானைக்குள் தீபம். 'கர்ப்ப தீபம்' என்ற சொல்தான் சுருங்கி கர்போ ஆனது என்பார்கள். நவராத்திரி ஒன்பது ராத்திரியும் அதை நடுவில் வைத்துச் சுற்றி ஆடியதால், ஆட்டத்துக்கும் அதே பேர் ஒட்டிக்கிட்டது. நம்ம ஊர்க் கும்மியில் குத்துவிளக்கைச் சுற்றிக் கைதட்டி வருவார்களே, கிட்டத்தட்ட அதே அமைப்பு.

இப்படி ஒரு ஆட்டத்துக்கு இடம் எப்படி ஜோடித்தார்கள் என்று தேட ஆரம்பித்தபோதுதான் ஒரு விஷயம் புரிஞ்சது. விளக்கு, மேற்கட்டி, காலி இடம் என்று நாம் இன்னைக்குத் தனித்தனியாப் பேசுகிற மூணும், முன்னாடி ஒரே ஏற்பாடாக இருந்திருக்கிறது.

அகமதாபாத் பழைய நகரத்தில் 'போள்' என்று சொல்கிற ஒடுங்கின சந்துக் குடியிருப்புகள் உண்டு. அங்கே தெருவில் ஆடுவதற்கு 'ஷேரி கர்பா' என்று பேர். ஷேரி என்றால் தெரு. சந்து கொஞ்சம் அகலமாகிற முற்றத்தில் 'மாண்ட்வி' என்ற மர அல்லது உலோகச் சட்டம் ஒன்றை நிறுத்துவார்கள். அதில் தேவியின் படம், தட்டுத் தட்டாக விளக்குகள். ஆடுகிறவர்கள் அதைச் சுற்றி இடஞ்சுழியாகப் போவார்கள். தலைக்கு மேலே வெறும் வானம்தான். மழைக்காலம் முடிஞ்ச பிறகு வருகிற பண்டிகை, அதனால் கூரை தேவைப்படலை. சரத் பூர்ணிமா அன்னைக்கு ஆடுவது நிலா வெளிச்சத்துக்காகவே.

அப்போ துணி எங்கே வந்தது? தேவியின் தலைக்கு மேலே மட்டும். 'சந்தர்வோ' என்று பேர். நம்ம கோயில்களில் சாமிக்கு மேலே கட்டுகிற மேற்கட்டிதான் அது. இதில் ரொம்பப் பேர் போனது 'மாதா நி பச்சேடி' ஓவியத் துணி. அகமதாபாத்தில் வாகரி சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக எழுதி வருவது. கோயிலுக்குள் தங்களை விடாததால், துணியிலேயே கோயில் கட்டிக்கொண்டார்கள் என்பது அவர்கள் சொல்கிற வரலாறு. பச்சேடியைச் சுவர் மாதிரித் தொங்கவிட்டு, சந்தர்வோவை மேலே விரித்தால் ஒரு கருவறை தயார். பருத்தித் துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடு இழுத்து, படிகாரம் பூசின இடத்தில் சிவப்பு ஏற்றி, சாபர்மதி ஆற்றில் அலசுவார்கள். காளஹஸ்தி கலம்காரி பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதுசா இருக்காது.

சின்ன மேற்கட்டி, அதுக்குக் கீழே விளக்கு, சுற்றிலும் திறந்த தரை. வெளிச்சம் நடுவிலிருந்து, அதுவும் தாழ்வாக வருவதால் ஒரு வேடிக்கை நடக்கும். சணியா சோளியில் தைத்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கைப் பார்க்கத் திரும்பும்போதெல்லாம் மின்னும். மேலேயிருந்து நாலு பக்கமும் ஃப்ளட் லைட் போட்டால் எல்லாமே ஒரே வெளுப்பு, கண்ணாடிக்கு வேலையே இல்லை. இது என் சொந்த அபிப்பிராயம். மைதான கர்பா ரசிகர்கள் மன்னிக்கவும்.

ஆட்டம் தெருவிலிருந்து மைதானத்துக்கும் 'பார்ட்டி பிளாட்' எனும் வாடகைத் திடலுக்கும் போனபோது இந்த ஏற்பாடு கலைஞ்சது. பல இடங்களில் பாடகர்கள் மேடை ஒரு ஓரத்துக்குப் போச்சு, வெளிச்சம் விளிம்புக்குப் போச்சு. தேவிக்கு மட்டும் இருந்த துணி, ஆடுகிற எல்லாருடைய தலைக்கு மேலேயும் விரிஞ்சது. பருத்திக்குப் பதிலா பளபளக்கிற பாலியெஸ்டர் வந்தது.

அந்த மாற்றத்தோட விலை சின்னதில்லை. 1995 டிசம்பர் 23-ல் ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி ஆண்டு விழாப் பந்தல் தீப்பிடித்து 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். செயற்கை இழைத் துணி உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். பருத்தியும் எரியும்தான், ஆனா தோலில் ஒட்டாது. பந்தல்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் IS 8758, செயற்கைத் துணியும் செயற்கைக் கயிறும் கூடாது, கூரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. 2024 மே மாதம் ராஜ்கோட் விளையாட்டு அரங்கத் தீ விபத்துக்கு அப்புறம், குஜராத்தில் கர்பா திடல்களுக்கும் தீயணைப்பு விதிகள் கெடுபிடியாயின.

சில வருஷம் முன்னாடி அகமதாபாத்தில் நண்பர் ஒருத்தரோட அடுக்குமாடிக் குடியிருப்பில், பழைய முறையிலேயே போடலாம்னு கணக்குப் போட்டுப் பார்த்தோம். முற்றம் 20 மீட்டருக்கு 15 மீட்டர். குறுகின பக்கத்தில் பாதி 7.5. அதில் சுவரோரம் 1.5 மீட்டர் நடைபாதைக்கும் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் விட்டால், வெளி வட்டத்தின் ஆரம் 6 மீட்டர். உள் வட்டம் 3, நடு வட்டம் 4.5. ஆளுக்குச் சுமார் ஒன்றேகால் மீட்டர் கொடுத்தால், மூணு வட்டத்திலும் சேர்த்து 65 பேர் ஆடலாம்.

உள் வட்டம் ஏன் 3 மீட்டர்? 5 மீட்டர் விளிம்புள்ள பாவாடை முழுசா விரிஞ்சா, ஆளைச் சுற்றி 80 சென்டிமீட்டர் வரை பறக்கும். கைதட்ட உள்ளே ஒரு அடி எடுத்து வைப்பதற்கு இன்னொரு 60. ஆக நடுவிலிருந்து 1.6 மீட்டர் வரைக்கும் துணி வந்துடும். விளக்குத் தட்டு 1 மீட்டர் ஆரத்துக்குள் அடங்கணும். வெறும் அகல் கூடாது, பானைக்குள்தான் இருக்கணும். ஓட்டைப் பானை அழகுக்கு மட்டும் இல்லை, காத்தையும் பாவாடையையும் தடுக்கிற கவசம் அதுன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சது.

கம்பம் நட்டால் வட்டம் உடையும். அதனால் எதிரெதிர் பால்கனித் தூண்களில் சணல் கயிறு கட்டி, நடுவில் மட்டும் 3 மீட்டர் சதுரத்துக்குப் பருத்தி மேற்கட்டி. அதிலிருந்து நாலு பக்கமும் கலர்த் துணிப் பட்டைகள். இடையில் வானம் தெரியணும், சூடும் புகையும் வெளியே போகணும். தோரணத்தை எவ்வளவு தாழ்வா விடலாம் என்பதுக்குத் தாண்டியாதான் அளவு. நல்ல உயரமான ஆள் கோலைத் தூக்கினால் நுனி 2.6 மீட்டருக்குப் போகும். முதலில் அழகுக்காக 2.3-ல் தொங்கவிட்ட சாமந்திச் சரம், ஒத்திகை அன்னைக்கே அறுந்து ஆடுகிறவர்கள் காலுக்கடியில் வந்துச்சு. வழுக்கிவிடும்னு உடனே பெருக்கித் தள்ளினோம்.

சீரியல் லைட்டைத் துணியில் சுத்தாமல் தனிக் கயிற்றில் விட்டோம். ஒயர் இணைப்பைத் தினமும் அரை மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பார்ப்பது நண்பரோட அப்பா வேலை. பிளக் சுட்டாலோ விளக்கு துடித்தாலோ அணைச்சிடணும். மூணாம் ராத்திரி ஒரு பிளக் சுட்டது. அவர் அந்தப் பக்கத்து வரிசை முழுக்க அணைத்துவிட்டார். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பாட்டு நிக்கலை. அந்தப் பக்கம் இருட்டில், பானை வெளிச்சத்தில் கண்ணாடிகள் மட்டும் சுத்திக்கிட்டு இருந்தது.