இரும்புத்தாதும் மோட்டார்த் தொழிற்சாலையும்

ஒரு நாட்டின் ஏற்றுமதிப் பொருளுக்கு உலகச் சந்தையில் விலை ஏறுமாயின் அந்நாட்டார் அனைவரும் செழிப்பர் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அந்த விலையேற்றமே அந்நாட்டின் பிற தொழில்களை நலியச் செய்வதும் உண்டு. இதற்கு ஆஸ்திரேலியாவின் அண்மைக்கால வரலாற்றை விடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1950-இல் கொரியப் போர் மூண்டபோது ஆஸ்திரேலியக் கம்பளியின் விலை திடீரென உயர்ந்தது. அந்நாளில் அந்நாட்டு நாணயம் பிரிட்டிஷ் ஸ்டர்லிங்குடன் நிலையான விகிதத்தில் பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே நாணயத்தின் மதிப்பு ஏறவில்லை. அதற்கு ஈடாக உள்நாட்டு விலைவாசியும் கூலியும் ஏறின. ஓராண்டில் விலைவாசி நூற்றுக்கு 20-க்கு மேல் உயர்ந்ததென்றால், ஆலை முதலாளிகளும் எளிய மக்களும் பட்ட பாட்டை நாம் ஊகிக்கலாம்.

1983 டிசம்பரில் ஆஸ்திரேலிய அரசு தன் டாலரை எந்த நாணயத்துடனும் பிணைக்காமல், சந்தையே அதன் மதிப்பை நிர்ணயிக்குமாறு விட்டது. அது முதல் ஏற்றுமதி விலை ஏறும்போதெல்லாம் நாணயமும் உடன் ஏறலாயிற்று. காரணம் எளிது. இரும்புத்தாதை அயல்நாட்டில் விற்கும் சுரங்கக் கம்பெனி அமெரிக்க டாலரைப் பெறுகிறது. ஆனால் தொழிலாளர் கூலியையும் அரசின் வரியையும் ஆஸ்திரேலிய டாலரில் செலுத்த வேண்டும். புதிய சுரங்கங்களில் முதலீடு செய்ய வரும் அந்நிய மூலதனத்திற்கும் அதுவே தேவை. செழிப்பினால் விலைவாசி பெருகாதிருக்க மைய வங்கி வட்டியை உயர்த்தினால், அவ்வட்டியை நாடியும் பணம் வருகிறது. அனைவரும் தேடும் நாணயத்தின் விலை ஏறாமல் என்ன செய்யும்?

2001-இல் ஓர் ஆஸ்திரேலிய டாலர் ஏறத்தாழ 50 அமெரிக்க சென்ட்டுக்கே விலைபோயிற்று. பின்னர் சீனாவின் உருக்காலைகளுக்கு இரும்புத்தாதும் நிலக்கரியும் மலைமலையாகத் தேவைப்பட்டன. 2010-இல் இரு டாலர்களும் சமமாயின. 2011-இல் ஆஸ்திரேலிய டாலர் 110 சென்ட்டையும் தொட்டது.

இதை ஒரு மோட்டார் ஆலையின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். வெளிநாட்டில் 20,000 அமெரிக்க டாலருக்கு விற்கும் ஒரு காருக்கு, 2001-இன் விகிதப்படி ஆலைக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலர் கிட்டும். இரு நாணயங்களும் சமமானபின் அதே காருக்குக் கிட்டுவது 20,000 மட்டுமே. கூலியும் மின் கட்டணமும் உள்நாட்டு நாணயத்தில் குறையாது நிற்கின்றன. அயல்நாட்டில் காரின் விலையைக் கூட்டினாலோ, வாங்குவோர் வேறு காரை நாடுவர். உள்நாட்டிலும் இறக்குமதிக் கார்கள் மலிந்துவிடுகின்றன. சுரங்கக்காரருக்கும் நாணய உயர்வால் இழப்பு உண்டு. ஆனால் தாதின் விலையே பன்மடங்கு ஏறியதால் அவ்வழப்பு ஈடாகிவிடுகிறது. கார் ஆலைக்கு அத்தகைய ஈடு ஏதுமில்லை.

இந்த இயல்பை ஆஸ்திரேலியப் பொருளியலறிஞர் பாப் கிரெகரி 1976-லேயே சுட்டிக்காட்டினார். கனிப்பொருள் ஏற்றுமதி பெருகுவது, பிற தொழில்களுக்கு அளித்த சுங்கவரிப் பாதுகாப்பைக் குறைப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டில், எரிவாயு கண்ட நெதர்லாந்தின் அனுபவத்தையொட்டி, ஓர் ஆங்கில வார இதழ் இதற்கு ‘டச்சு நோய்’ என்று பெயரிட்டது.

விளைவு என்ன? 2013-இல் ஃபோர்டும் ஹோல்டனும், 2014-இன் தொடக்கத்தில் டொயோட்டாவும் ஆஸ்திரேலியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தன. 2017 அக்டோபரில் எலிசபெத் நகரிலிருந்த ஹோல்டன் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளிவந்ததும், அந்நாட்டில் பெருமளவிலான கார் உற்பத்தி முடிவுற்றது. பழி முழுவதையும் நாணயத்தின் மேல் சுமத்துவது முறையன்று. உள்நாட்டுச் சந்தை சிறிது. இறக்குமதி வரியும் படிப்படியாகக் குறைந்து 2010-இல் நூற்றுக்கு 5 ஆகிவிட்டிருந்தது. முன்னரே தளர்ந்திருந்த தொழிலுக்கு நாணயத்தின் ஏற்றம் தாங்கவியலாத சுமையாயிற்று என்பதே பொருந்தும். அவ்வேற்றத்தால் நன்மையும் உண்டு: அயல்நாட்டுப் பொருள்கள் மலிந்தன, 1951-இன் கடும் விலையேற்றம் மீண்டும் நேரவில்லை.

ஆயினும் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. 2011-இல் டன் 180 டாலரை ஒட்டியிருந்த இரும்புத்தாது, 2015 முடிவில் 40 டாலரளவிற்கு வீழ்ந்தது. ஆஸ்திரேலிய டாலரும் 75 சென்ட்டுக்குக் கீழே இறங்கியது. அந்த விகிதத்தில் ஆலையின் கணக்கு மீண்டும் ஓரளவு நேராகியிருக்கும். ஆனால் ஆலைகளை மூடும் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. உதிரிப்பாகம் செய்த சிறு பட்டறைகள் கலைந்தன. தேர்ந்த தொழிலாளர் வேறு வேலை தேடிச் சென்றனர். நாணயத்தின் மதிப்பு சில மாதங்களில் ஏறி இறங்கும். ஒரு தொழிலும் அதற்குரிய கைத்திறனும் உருவாக ஒரு தலைமுறை வேண்டும். ஏற்றத்தின் காலம் குறுகியதாயினும், அது விட்டுச்சென்ற இழப்பு நீடித்து நிற்பதன் காரணம் இதுவே.