அச்சமும் எச்சரிக்கையும்: ஸ்டாட்டின் மாத்திரையின் விளக்கத் தாளைத் திருத்தி எழுதுதல்

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைத்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் பொருட்டு வழங்கப்படும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையோடு, பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் சட்டப்படி ஒரு விளக்கத் தாள் மடித்து வைக்கப்படுகிறது. அதன் நான்காவது பகுதி பக்கவிளைவுகளைப் பற்றியது. முகமும் நாக்கும் வீங்குதல், தோல் கொப்புளித்து உரிதல், தசைநார்கள் சிதைந்து சிறுநீர் செம்பழுப்பு நிறமாதல் ஆகிய கடுமையான விளைவுகளை முதலில் கூறிவிட்டு, பின்னர், "10 பேரில் 1 வரை பாதிக்கக்கூடும்" என்னும் தலைப்பின்கீழ் மூக்கழற்சி, தொண்டைவலி, தலைவலி, குமட்டல், மலச்சிக்கல், மூட்டுவலி, தசைவலி, முதுகுவலி என்று அது நீண்டு செல்கிறது. இவ்வாக்கியங்களில் எதுவும் பொய்யன்று. ஆயினும் இவற்றைப் படிக்கும் சாதாரண மனிதர் பொய்யான ஒரு முடிவுக்கே வந்து சேர்கிறார் என்பதும், அதற்குக் காரணம் சொற்களின் கடுமையன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேண்டிய ஓர் எண் அங்கே இல்லாமையே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இத்தாளில் காணும் எண்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மருந்தின் தன்மைகளைத் தொகுத்துரைக்கும் உத்தியோகபூர்வமான ஆவணத்தை எப்படி எழுத வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் வகுத்துள்ள வழிகாட்டு விதிகள், ஒரு பக்கவிளைவின் நிகழ்வெண்ணை, மருந்தை உட்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு அது நேர்ந்தது என்ற கணக்கிலேயே தரவேண்டும் என்றும், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களோடு ஒப்பிட்டுக் கழித்த வித்தியாசத்தைத் தரலாகாது என்றும் விதிக்கின்றன. விதியை வகுத்தவர்கள் மருந்தின் குறையை மறைக்க இடந்தரக் கூடாது என்ற நல்லெண்ணத்தாலேயே இப்படிச் செய்தனர் என்று கொள்ளலாம். ஆனால் மருத்துவம் கற்றவர் ஒரு கண்ணோட்டத்தோடு படிக்கும் அதே எண், நோயாளியின் கைக்கு வரும்போது வேறு பொருளை அடைந்துவிடுகிறது. "இம்மாத்திரையை உட்கொண்டவர்களில் இத்தனை பேருக்குத் தசைவலி இருந்தது" என்பது தாளின் கூற்று. "இம்மாத்திரையால் இத்தனை பேருக்குத் தசைவலி வந்தது" என்பது படிப்பவரின் புரிதல். அறுபது வயதைக் கடந்த ஆயிரம் பேரைக் கூட்டி, மாத்திரை எதுவும் கொடாமலே சில ஆண்டுகள் விசாரித்துவந்தால், தோளிலோ தொடையிலோ வலி என்று சொல்லாதவர் எத்தனை பேர் இருப்பர் என்பதைத் தாள் அவருக்குச் சொல்லவில்லை.

அந்த எண் நமக்குத் தெரியாததன்று. ஆக்ஸ்ஃபோர்டைச் சார்ந்த ஆய்வாளர் குழு 2022-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்ட பகுப்பாய்வு, ஸ்டாட்டினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 19 பெரிய சோதனைகளிலிருந்து 1,23,940 பேரின் விவரங்களை ஒருங்கே திரட்டியது. சராசரியாக நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில், ஸ்டாட்டின் உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 27.1 பேரும், எந்த மருந்துமில்லாத வெற்று மாத்திரையை உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 26.6 பேரும் தசைவலியோ தசைத் தளர்ச்சியோ உண்டென்று தெரிவித்தனர். சிகிச்சையின் முதலாண்டில் மட்டுமே ஒரு சிறிய மிகை புலனாயிற்று. 1000 பேருக்கு ஏறத்தாழ 11 பேர் என்பது அதன் அளவு. அதாவது அம்முதலாண்டிலும்கூட, ஸ்டாட்டின் உட்கொண்டு தசைவலி என்று முறையிட்டவர்களில் ஏறத்தாழ பதினைந்தில் ஒருவருக்கே அந்த மாத்திரை காரணமாயிருந்தது. ஏனைய பதினால்வரின் வலி பொய்யன்று. அது மெய்யான வலியே. ஆனால் அது அம்மருந்தினின்று பிறந்ததன்று.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது நியாயமானதும்கூட. இத்தகைய சோதனைகளில் சிலவற்றில், மாத்திரையைத் தாங்கமாட்டாதவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிட இடந்தரும் முன்னோட்டக் காலம் ஒன்று இருந்தது; ஆகவே உண்மையில் துன்புற்றவர்கள் கணக்கில் வராமலே போயிருக்கலாமன்றோ என்பர். இதற்கு விடை, லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2020-இல் பிரசுரித்த, சாம்ஸன் என்ற பெயரால் அறியப்படும் சிறிய சோதனையில் இருக்கிறது. ஸ்டாட்டின் உட்கொண்டு இரண்டு வாரத்துக்குள் உபாதை தாங்காமல் நிறுத்திவிட்ட 60 பேரையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு புட்டிகள் தரப்பட்டன. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கில் ஒன்றுமேயில்லை. மாதத்துக்கு ஒரு புட்டியாக, முறை மாறி மாறி, தத்தம் உபாதையைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரையுள்ள அளவில் நாள்தோறும் அவர்கள் பதிந்துவந்தனர். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. மாத்திரை என்ற ஒன்றை விழுங்குகிறோம் என்ற எண்ணமும் அதோடு வந்த எதிர்பார்ப்புமே உபாதையைக் கூட்டின. மருந்து கூட்டியது ஒன்றுக்கும் குறைவே. தமது பதிவுகளைத் தாமே பார்த்த இவர்களில் 30 பேர், சோதனை முடிந்து ஆறு மாதத்தில் மீண்டும் ஸ்டாட்டின் உட்கொண்டுவந்தனர் என்பது என் நோக்கில் மிக முக்கியமான செய்தியாகும். ஒப்பீட்டைக் கண்ணால் கண்டவர்களில் சரிபாதியினர் தம் முடிவை மாற்றிக்கொண்டனர்.

எதிர்பார்ப்பு இவ்வளவு வலியதாயின், பக்கவிளைவுகளைச் சொல்லாமலே விட்டுவிடலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. இதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். தன் உடலில் செலுத்தப்படும் பொருளைப் பற்றி அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பது ஒருபுறமிருக்க, அவ்வறிவே சில வேளைகளில் அவர் உயிரைக் காப்பதுமாகும். தசைச் சிதைவு என்பது அத்தகையது. சிதைந்த தசையினின்று வெளிப்படும் புரதம் சிறுநீரகத்தை அடைத்து அதைச் செயலிழக்கச் செய்யக்கூடும். அது அரிதே, 10,000 பேர் ஐந்தாண்டுகள் ஸ்டாட்டின் உட்கொண்டால் ஏறத்தாழ 5 பேருக்குக் கடுமையான தசைநோய் வரலாம் என்றும், அவர்களில் ஒருவருக்கு அது சிதைவளவில் முற்றலாம் என்றும் 2016-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க் கொல்லிகளையோ சில பூஞ்சைக் கொல்லிகளையோ உடன் உட்கொள்ளும்போது, கல்லீரல் அட்டோர்வாஸ்டாட்டினைக் கழிக்கும் வழி தடைப்பட்டு இரத்தத்தில் அதன் அளவு உயர்வதால், இந்த அபாயமும் உயர்கிறது. இச்செய்தி இப்போதைய தாளில் இரண்டாம் பகுதியில், வேறு பல மருந்துப் பெயர்களின் நடுவில் கிடக்கிறது. வலி கண்டு நான்காம் பகுதியைத் திறப்பவர் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிச் செல்லமாட்டார்.

மென்மையான சொற்களால் அச்சத்தைத் தணிக்கலாம் என்ற நம்பிக்கையும் சோதனையில் நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஸ்டாட்டின் உட்கொண்டுவந்த இருதய நோயாளிகளிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணைய அழற்சி "அரிதானது" என்று மட்டும் படித்தவர்கள் அது நூற்றுக்கு 18 பேருக்கு வரும் என்று சராசரியாக மதிப்பிட்டனர். எண்ணையே படித்தவர்கள் நூற்றுக்கு 2 என்றனர். உண்மை அளவோ 0.04 தான். எண் அச்சத்தைப் பெருமளவு குறைக்கிறது, ஆயினும் முற்றிலும் நேர்செய்வதில்லை என்பதே இதன் பாடம். வெறும் எண்ணுக்கும் ஓர் அண்டை எண் வேண்டும்.

இவற்றைக் கொண்டு தசையைப் பற்றிய பகுதியை நான் திருத்தி எழுதும் விதம் பின்வருமாறு:

"தசை முழுவதும் பலமிழந்து போனாலோ, தொட்டாலே தாங்க முடியாத வலி இருந்தாலோ, சிறுநீர் செம்பழுப்பாகவோ காபி நிறத்திலோ போனாலோ, குறிப்பாக அதோடு காய்ச்சலும் இருந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். 10,000 பேர் ஐந்தாண்டுகள் உட்கொண்டால் சுமார் 5 பேருக்குக் கடுமையான தசைநோய் வரலாம். புதிதாக ஒரு நுண்ணுயிர்க் கொல்லியோ பூஞ்சைக் கொல்லியோ தொடங்கியிருந்தால் இது நேர வாய்ப்பு அதிகம். அம்மருந்தின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாதாரணமான தசைவலி வேறு. நான்கு ஆண்டுகளில், இந்த வகை மாத்திரையை உட்கொண்ட 10,000 பேரில் சுமார் 2,710 பேருக்குத் தசைவலியோ தளர்ச்சியோ இருந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை உட்கொண்ட 10,000 பேரில் சுமார் 2,660 பேருக்கும் அப்படியே இருந்தது. ஆகவே உங்களுக்கு வலி வந்தால், பெரும்பாலும் அது வேறு காரணத்தால் வந்ததாகவே இருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவையானால் இரத்தப் பரிசோதனை செய்வார், அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார்."

இதில் நான் மேற்கொண்ட சில தீர்மானங்களுக்குக் காரணம் கூற வேண்டும். இரு நிலைகளையும் வெவ்வேறு பத்தியில் பிரித்து, ஒன்றை மற்றொன்றின் நிழல் படாமல் நிறுத்தினேன். ஏனெனில் கடுமையான எச்சரிக்கையைச் சாதாரண வலியின் பக்கத்தில் வைத்தால், தோட்டவேலை செய்து தொடை நொந்தவர் சிறுநீரகத்தை நினைத்து நடுங்குவார். செம்பழுப்பு நிறத்தைக் கண்டவரோ, வலி எல்லோருக்கும் வருவதுதானே என்று பொறுத்திருப்பார். இரண்டாவதாக, எண்களை நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் இரு பக்கமும் 27 ஆகிவிடும். மருந்தின் பங்காக உள்ள சிறு வித்தியாசம் மறைந்துபோகும். அது அச்சத்தை நீக்கும்தான். ஆனால் உண்மையையும் சேர்த்து நீக்கும். எல்லாவற்றையும் 10,000 என்ற ஒரே தொகைக்குச் சொன்னதால், 5 என்பதையும் 50 என்னும் வித்தியாசத்தையும் வாசகர் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க முடிகிறது.

இம்முறை எல்லாப் பக்கவிளைவுக்கும் ஆறுதலைத் தந்துவிடாது. ஸ்டாட்டின் சிலருக்கு இரத்தச் சர்க்கரையைச் சற்று உயர்த்துகிறது என்பது வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பின்னும் நிலைத்து நிற்கும் முடிவு. எனவே அவ்வரியில் ஆறுதலுக்கு இடமில்லை. சர்க்கரை நோயை நெருங்கி நிற்பவர் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று நேராகவே எழுத வேண்டும். ஒப்பீட்டு எண்ணை எல்லாவற்றுக்கும் தந்தாலன்றி, மருந்து நிறுவனம் தனக்கு வசதியானவற்றுக்கு மட்டும் அதைச் சேர்த்துக்கொண்டது என்ற சந்தேகம் எழும்; அச்சந்தேகம் நியாயமானதாகவும் இருக்கும்.

திருத்தியது பலித்ததா என்று அறியும் வழியும் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறைக்குப் பின், தாளை நோயாளிகளைக் கொண்டு சோதிப்பது அவசியமாயிற்று. படிப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்ட செய்தியைத் தாளில் கண்டுபிடிக்க வேண்டும், கண்டவர்களில் தொண்ணூறு விழுக்காட்டினர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அச்சோதனையின் அளவை. எண்ணைக் கண்டுபிடித்து உரக்கப் படித்துக் காட்டுபவர், அதிலிருந்து தமக்குள் என்ன மதிப்பீட்டுக்கு வந்தார் என்பதை இந்த அளவுகோல் அளப்பதில்லை. ஆகவே இரண்டு வினாக்களைக் கூட்ட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். "இம்மாத்திரையாலேயே தசைவலி வருபவர் 10,000 பேரில் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்?" என்பது ஒன்று. "நேற்று மாடிப்படி பலமுறை ஏறி இறங்கினீர்கள், இன்று இரு தொடையும் வலிக்கிறது; என்ன செய்வீர்கள்?" என்பதையும் "காய்ச்சலோடு சிறுநீர் செம்பழுப்பாகப் போகிறது, என்ன செய்வீர்கள்?" என்பதையும் அடுத்தடுத்துக் கேட்பது மற்றொன்று. முதல் நிலைமைக்கு மாத்திரையை நிறுத்துவேன் என்பவர் பலராயின் இரண்டாம் பத்தியைத் திருத்த வேண்டும். இரண்டாம் நிலைமைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே ஒருவர் சொன்னாலும், மற்றவர்கள் எவ்வளவு நிதானமாகப் பதிலளித்திருந்த போதிலும், முதல் பத்தியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.