53 பேர் திருத்திய 300 கட்டுரைகள்

பேப்பர் திருத்துறதோட வரலாற்றுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கதை இருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

1961-ல அமெரிக்காவின் இடிஎஸ் (அப்போது எஸ்ஏடி தேர்வை நடத்திவந்த நிறுவனம்) ஓர் ஆய்வை வெளியிட்டது. பால் டீடெரிக்கும் அவருடைய இரண்டு சகாக்களும் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை எடுத்து 53 பேரிடம் கொடுத்தார்கள். அவர்களில் ஆங்கில ஆசிரியர்கள், விஞ்ஞானிகள், பத்திரிகை எடிட்டர்கள், வக்கீல்கள், கம்பெனி நிர்வாகிகள் எல்லாம் இருந்தார்கள். எதைப் பார்த்து மார்க் போடணும்னு யாரும் சொல்லித் தரவில்லை. தரத்தின்படி ஒன்பது அடுக்காகப் பிரிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அந்த 300 கட்டுரைகளில் 101 கட்டுரைகள் ஒன்பது அடுக்கிலும் விழுந்தன. அதாவது ஒரே கட்டுரை ஒருத்தருக்கு முதல் தரம், இன்னொருத்தருக்குக் கடைசித் தரம். ஐந்துக்கும் குறைவான அடுக்குகளில் அடங்கிய கட்டுரை ஒன்றுகூட இல்லை.

இதைப் பார்த்து "மனுஷங்களை நம்ப முடியாது"ன்னு கடையை மூடியிருக்கலாம். டீடெரிக் குழு அப்படி விடல. யார் மார்க் யாரோட ஒத்துப்போகுதுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். திருத்தியவர்கள் ஐந்து கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு கட்சிக்குக் கருத்து முக்கியம், இன்னொன்றுக்கு இலக்கணமும் எழுத்துப்பிழையும், மற்றவற்றுக்குக் கோர்வை, சொல்தேர்வு, எழுத்தின் ருசி. கண்டபடி மார்க் போட்டதாகத் தெரிந்தாலும், ஒவ்வொருத்தரும் வேறு வேறு பொருளை அளந்துகொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து டீடெரிக் எடுத்த வழி அனலிட்டிக், அதாவது பிரித்து மதிப்பிடுவது. கருத்துக்கு 10, கோர்வைக்கு 10, சொல்தேர்வு, எழுத்தின் ருசி, மொழிவழக்கு, நிறுத்தக்குறி, எழுத்துப்பிழை, கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் 5, ஆக மொத்தம் 50. எந்தக் கட்சிக்காரரும் தனக்குப் பிடிச்ச ஒரே விஷயத்தை வைத்து முழு மார்க்கையும் ஆட்டிவைக்க முடியாது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கட்டுரை மொத்தமாகப் பிடித்துப்போனால் எல்லாக் கட்டத்திலும் கை தாராளமாகிவிடும். உளவியலில் இதை ஹேலோ விளைவு என்பார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. எழுத்துப்பிழை மார்க்கும் கருத்து மார்க்கும் பேப்பருக்குப் பேப்பர் சேர்ந்தே ஏறி இறங்கினால், எட்டு கட்டத்திலும் ஒரே அபிப்பிராயத்தைத்தான் எட்டு தடவை எழுதியிருக்கிறார்.

அதே இடிஎஸ்-இன் இன்னொரு குழு நேர் எதிர் வழியில் போனது. 1966-ல வந்த அவர்களுடைய ஆய்வில் 646 மாணவர்கள், ஆளுக்கு ஐந்து கட்டுரைகள். ஒவ்வொரு கட்டுரையையும் ஐந்து பேர் தனித்தனியாக வேகமாகப் படித்து, மொத்தமாக மனசில் பட்டதை வைத்து 1, 2 அல்லது 3 போட்டார்கள். இதுதான் ஹோலிஸ்டிக். திருத்துபவர்கள் முதலில் ஒரே மாதிரிக் கட்டுரைகளைப் படித்து, எது 3, எது 1 என்று பேசி ஒத்துக்கொண்ட பிறகே வேலை தொடங்கியது.

ஒரு தலைப்பு, ஒரு திருத்துநர் என்றால் நம்பகத்தன்மை சுமார் 0.26தான் வந்தது. 1 என்றால் கச்சிதம், 0 என்றால் குலுக்கல் சீட்டு. ஐந்து தலைப்பையும் ஐந்து பேரையும் கூட்டிய மொத்தத்துக்கு 0.84. ஒரு தனி ஆளின் மனப்பதிவு பலவீனமானதுதான். பல பேரின் மனப்பதிவைக் கூட்டும்போது ஒருத்தரின் கறாரை இன்னொருத்தரின் தாராளம் சமன் செய்கிறது. டீடெரிக் ஒழுங்குபடுத்தப் பார்த்த அந்த ஐந்து கட்சிகளையும் இவர்கள் அப்படியே உள்ளே விட்டுக் கூட்டிக்கொண்டார்கள்.

அதனால "எது சிறந்தது"ன்னு கேட்பதைவிட, ஒரு பேப்பரை எத்தனை பேர் படிக்கப்போறாங்கன்னு கேட்பதுதான் சரின்னு எனக்குத் தோணுது. பொதுவான கட்டுரையில் நல்ல கருத்தும் நல்ல நடையும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும். அங்கே ஹோலிஸ்டிக் பொருந்தும், ஆனால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். 2005-ல எஸ்ஏடி கட்டுரை வந்தபோது இதைத்தான் செய்தார்கள். இரண்டு பேர் ஆளுக்கு 1 முதல் 6 வரை போடுவார்கள். வித்தியாசம் ஒன்றைத் தாண்டினால் மூன்றாவது ஆள் வருவார். வேகமாகப் படிக்கும் முறை என்பதால்தான் லட்சக்கணக்கான பேப்பருக்கும் இரண்டாவது ஆள் கட்டுப்படியானது.

ஒருத்தர்தான் படிப்பார், பதிலில் இன்னின்னது இருக்கணும்னு முன்கூட்டியே சொல்ல முடியும் என்றால் பிரித்துப் போடுவதே பத்திரம். அமெரிக்காவின் ஏபி வரலாற்றுத் தேர்வில் ஆவணங்களைக் கொடுத்து எழுதச் சொல்லும் கேள்விக்கு 7 மார்க். வாதத்துக்கு 1, காலப் பின்னணிக்கு 1, ஆவணத்துக்கு வெளியே உள்ள ஆதாரத்துக்கு 1 என்று போகும். நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளி ஆதாரம் இல்லையென்றால் அந்த 1 கிடையாது. ஹோலிஸ்டிக்காகப் படித்திருந்தால் அழகான நடை அந்தக் குறையை மறைத்திருக்கும்.

எஸ்ஏடி 2016-ல கட்டுரையை வாசிப்பு, பகுப்பாய்வு, எழுத்து என மூன்றாகப் பிரித்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் 1 முதல் 4 வரை போட்டார்கள். வந்த மூன்று மார்க்கையும் கூட்டி ஒன்றாக்காமல், தனித்தனியாகவே மாணவர் கையில் கொடுத்தார்கள்.