ரோபோக்களில் பழுதுக் குறியீடுகள்: விளக்கு, ஒலி, ஓஎல்இடி திரை

சிறு ரோபோக்கள் தம் நிலையை இன்று மூன்று வழிகளில் தெரிவிக்கின்றன. ஓஎல்இடி திரை எழுத்தில் காட்டுகிறது, எல்இடி விளக்கு சிமிட்டுகிறது, பஸ்ஸர் ஒலிக்கிறது. இவற்றுள் திரை கடைசியாக வந்தது. அது வந்தபின்னும் மற்ற இரண்டும் மறையாததற்குக் காரணம் உண்டு.

விளக்கும் ஒலியும் பழுதைச் சொல்லும் முறை ரோபோவில் பிறந்ததன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் தன் கார்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்தக் கணினியைப் பொருத்தியது. பழுது ஏற்பட்டால் ஓட்டுநர் முன் 'செக் எஞ்சின்' விளக்கு எரியும். பழுது பார்ப்பவர் காரின் சோதனை இணைப்பில் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புவார். உடனே விளக்கு ஒருமுறை சிமிட்டி, சற்று நின்று, இருமுறை சிமிட்டும். இது 12 என்ற குறியீடு. எஞ்சின் சுழலும் துடிப்பு வரவில்லை என்பது அதன் பொருள். எஞ்சின் ஓடாதபோது அது பழுதன்று. கணினி விழித்திருக்கிறது என்பதற்கான சான்று. 12 மூன்று முறை வந்தபின், நினைவில் பதிந்த பழுதுகள் ஒவ்வொன்றும் மும்மூன்று முறை வரும். முதலில் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் பிறகு நோயைச் சொல்வது மிக நல்ல ஏற்பாடு.

அதே காலத்தில், 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசி கணினி ஒலியைப் பயன்படுத்தியது. தொடக்கச் சோதனையில் எல்லாம் சரியென்றால் ஒரு குறுகிய ஒலி வரும். ஒரு நெடிய ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் வந்தால் திரைக்கான அட்டையில் பழுது. திரை பழுதானதைத் திரையிலேயே எழுத முடியாதல்லவா?

ஓஎல்இடியின் வரலாறு வேறு. கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் 10 வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் ஒளிரும் கரிமப் படல விளக்கை 1987இல் அறிவித்தனர். அந்த வழியில் வந்ததே 128×64 புள்ளிகள் கொண்ட சிறு திரை. மாணவர்கள் வாங்கும் திரைகளில் பெரும்பாலும் எஸ்எஸ்டி1306 என்ற சில்லு இருக்கும். நான்கு கம்பிகள் போதும். 'பேட்டரி 6.4 வோல்ட்' என்று அது எழுத்திலேயே சொல்லிவிடும். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் இத்திரைக்கு ஒரு விலை உண்டு. 8,192 புள்ளிகளுக்கு 1,024 பைட் தேவை. அர்டுயினோ ஊனோவின் நினைவகமே 2,048 பைட்தான். பாதி அதிலேயே போய்விடும். ஐ2சி இணைப்பு நொடிக்கு ஒரு லட்சம் பிட் வேகத்தில் இயங்கினால், முழுத் திரையையும் ஒருமுறை புதுப்பிக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதுவரை நிரல் வேறு வேலை பார்க்காவிட்டால், கோட்டைப் பின்தொடரும் ரோபோ வளைவில் வழிதவறும்.

பழுது நேரும்போது நடப்பதைப் பார்ப்போம். இரண்டு லித்தியம் மின்கலங்களில் ஓடும் ரோபோ சுவரில் முட்டிச் சக்கரம் சிக்கிக்கொள்கிறது. மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுப்பதால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிகிறது. ஊனோ அதைத் தாங்கித் தொடர்ந்து ஓடலாம். திரையின் சில்லு மட்டும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடலாம். தொடக்கக் கட்டளைகளை மீண்டும் அனுப்பும்வரை திரை இருண்டே கிடக்கும். நிரலோ, 'சக்கரம் சிக்கியது' என்று இருண்ட திரைக்கே எழுதிக்கொண்டிருக்கும். செய்தி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதைக் காண வழியில்லை. அப்போது பஸ்ஸர் 'ஒன்று, நிறுத்தம், இரண்டு' என ஒலித்தால், திரை இருண்டாலும் மூளை ஓடுகிறது என்பதும், பழுது 12 என்பதும் தெரிந்துவிடும். இந்த எண்ணுக்குப் பொருள் தருவது ரோபோவைச் செய்தவரே. சுழியத்தைச் சிமிட்டிக் காட்ட முடியாதென்பதால் 10, 20 போன்ற எண்களைத் தவிர்ப்பது வழக்கம். ஒரு இலக்கம் நான்கைந்தைத் தாண்டினால் எண்ணுபவருக்குப் பிசகிவிடும்.

இதைவிடக் கடினமான நிலை, மோட்டாரின் மின்னிரைச்சலால் ஐ2சி கம்பி சிக்கிக்கொள்வது. காலவரம்பு வைக்காத நிரல் பதிலுக்காக அங்கேயே காத்து நிற்கும். திரையில் பழைய செய்தி தெளிவாகத் தெரியும். பார்ப்பவர் எல்லாம் நலம் என்று நம்புவார். இதைக் கண்டுபிடிக்க, சாதாரண நேரத்திலும் ஒரு எல்இடி நொடிக்கொருமுறை சிமிட்ட வேண்டும். அந்தச் சிமிட்டலை நிரலின் முதன்மைச் சுழற்சியே நடத்த வேண்டும். தனி டைமரிடம் விட்டால், சுழற்சி நின்றபின்னும் விளக்கு சிமிட்டிக்கொண்டே ஏமாற்றும். <code>delay()</code> கொண்டு சிமிட்டுவதும் சரியன்று. அந்த நேரமெல்லாம் ரோபோ கண்மூடி ஓடும். <code>millis()</code> தரும் நேரத்தைப் பார்த்து விளக்கை மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை.

ட்ரோன்களை இயக்கும் ஆர்டுபைலட் மென்பொருள் மூன்றையும் ஏற்கிறது. எஸ்எஸ்டி1306 திரையை அதில் <code>NTF_DISPLAY_TYPE</code> என்ற அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். திரை விருப்பத்திற்கு உரியது. பறக்கும் முன் சோதனை தவறினால் பிக்ஸ்ஹாக் பலகையில் மஞ்சள் விளக்கு இரட்டையாகச் சிமிட்டும்.