ஒரே எழுத்து, இரண்டு ஓசை: ஜப்பானிய கன்ஜியை வாசிப்பது எப்படி?

ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பதிவு அலுவலகமொன்றின் கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர் என்னிடம் “சேநெங்கப்பி?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் படிவத்தைத் திருப்பி 生年月日 என்ற நான்கு எழுத்துகளைக் காட்டினார். பிறப்பு, வருடம், மாதம், நாள். நான்கின் பொருளும் எனக்குத் தெரியும். பிறந்த திகதியைத்தான் கேட்டிருக்கிறார். பொருள் தெரிந்தும் ஓசை தெரியாமல் நின்றேன்.

பராமரிப்பு வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் செல்ல மொழி பயிலும் எம்மவர் பலரும் இந்த இடத்தில்தான் தடக்குப்படுகிறார்கள். எழுத்தொன்றுக்கு ஓசை ஒன்று என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். கன்ஜி அப்படியல்ல.

ஜப்பானியர் தமக்கென எழுத்தில்லாத காலத்தில் சீன எழுத்துகளைப் பெற்றுக்கொண்டார்கள். எழுத்தோடு அதன் சீன ஓசையும் வந்தது. அதுவே ‘ஒன்’ வாசிப்பு. அதே எழுத்தைத் தமது சொந்தச் சொல்லுக்கும் பயன்படுத்தினார்கள். அது ‘குன்’ வாசிப்பு. தமிழில் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. தனியாக நீர் என்கிறோம். ஆனால் ஜலதோஷம், ஜலசந்தி என்று வடமொழிச் சொல்லையும் வைத்திருக்கிறோம். நீர், ஜலம் இரண்டையும் ஒரே குறியால் எழுதினால் எப்படியிருக்கும்? 水 அப்படிப்பட்டது. தனியே நின்றால் ‘மிஸு’, குன். குழாய்நீர் விநியோகத்தைக் குறிக்கும் 水道 என்ற சொல்லில் ‘சுயி’, ஒன். முழுச்சொல் ‘சுயிதோ’.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. கன்ஜி தனியாக நின்றாலோ, அதன் பின்னால் ஹிரகானா எழுத்து வால்போல ஒட்டியிருந்தாலோ குன் வாசிப்பை முதலில் முயலுங்கள். 食べる, ‘தபெரு’, உண்ணுதல். இரண்டு மூன்று கன்ஜிகள் இடைவெளியின்றிச் சேர்ந்து நின்றால் ஒன் வாசிப்பை முயலுங்கள். 食事, ‘ஷொகுஜி’, சாப்பாடு.

இரண்டாவது வழி, அறியாத எழுத்துக்கு உதவும். பல கன்ஜிகளில் ஒரு பகுதி பொருளையும் மறுபகுதி ஒன் ஓசையையும் சொல்லும். 青 என்பதன் ஒன் ஓசை ‘சே’. அதை உள்ளே கொண்ட 清, 晴, 精 மூன்றும் ‘சே’தான். வேலைத்தளச் சுவர்களில் காணும் 清潔, சுத்தம், ‘சேகெத்ஸு’ என்று தொடங்குவது அதனால்தான். ஆனால் இது எப்போதும் பலிக்காது. 寺 உள்ள 時, 持 இரண்டும் ‘ஜி’. 待 மட்டும் ‘தாய்’. குன் ஓசைக்கு இந்த வழி உதவவே உதவாது.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். நான்கு கன்ஜிகள் சேர்ந்து நிற்பதால் ஒன் வாசிப்பை எடுக்கிறோம். 生 என்பதற்கு ‘சே’, ‘ஷோ’ என இரண்டு ஒன் ஓசைகள். சீன ஓசை வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்ததால் இப்படி. மாணவரைக் குறிக்கும் 学生, ‘கக்சே’, பழகியிருந்தால் ‘சே’யை எடுப்போம். 年 ‘நென்’. 月 என்பதற்கு ‘கெத்ஸு’, ‘கத்ஸு’ இரண்டும் உண்டு. மாதப் பெயர்களில் வருவது ‘கத்ஸு’. இதுவரை எல்லாம் ஒன். கடைசி 日 விதியை மீறுகிறது. அது ‘ஹி’ என்ற குன் ஓசையில் நிற்கிறது. ‘கத்ஸு’வும் ‘ஹி’யும் மோதி ‘கப்பி’ ஆகின்றன. ஆக, சேநெங்கப்பி. விதி முக்கால் தூரம் கொண்டுபோனது. மிச்சத்தைச் சொல்லாகவே மனனம் செய்ய வேண்டியிருந்தது.

இத்தகைய மீறல்கள் பெரும்பாலும் அன்றாட வீட்டுச் சொற்களில்தான் உள்ளன. கடிதம், 手紙, ‘தெகமி’, முழுக்கக் குன். சமையலறை, 台所, ‘தய்தொகொரோ’, முதற்பாதி ஒன், மறுபாதி குன். குடும்பப் பெயர்களும் அதிகம் குன் பக்கமே. ஆனால் பெயரை ஊகிக்கவே வேண்டாம். 中田 என்ற பெயர் ஒருவருக்கு நகதா, இன்னொருவருக்கு ‘த’ மெலிந்து ஒலிக்கும் நகதா. ஜப்பானியரே இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். படிவங்களில் பெயருக்கு மேலே ஓசையை எழுதத் தனிக்கட்டம் இருப்பதும் இதற்காகத்தான். எனவே கேட்பது வெட்கமல்ல.

ஊகம் சரியா என்று பார்க்க நான் கைபேசியைப் பயன்படுத்துகிறேன். ஜப்பானிய விசைப்பலகையில் ஊகித்த ஓசையைத் தட்டினால், சரியென்றால் அந்தச் சொல் பொதுவாகப் பட்டியலில் வந்து நிற்கும். ‘சுயிதோ’ என்றால் 水道 வரும். ‘மிஸுமிச்சி’ என்று தட்டினால் சாதாரணமாக வராது. வராவிட்டால் அடுத்த ஓசையை முயன்று, பின் அகராதியில் உறுதி செய்வேன். அங்கே ஒன் ஓசை கதகானாவிலும் குன் ஓசை ஹிரகானாவிலும் அச்சிடப்பட்டிருப்பது வழக்கம்.

இப்போது புதிய கன்ஜி ஒன்றைக் கண்டால் அதன் ஓசைகளைத் தனியாகப் பட்டியலிட்டு நான் மனனம் செய்வதில்லை. ஒன் ஓசைக்கு ஒரு சொல், குன் ஓசைக்கு ஒரு சொல் என்று கொப்பியில் எழுதிக்கொள்கிறேன். கருமபீடத்தில் எவரும் எழுத்தைக் கேட்பதில்லை, சொல்லைத்தான் கேட்கிறார்கள்.